352 ரூபாயில் ஒரு சிறுகதை: மாதக் கடைசிக் கணக்கை எழுதப் பழகுவோருக்கு

விடுதி மாணவர் ஒருவர் மாதக் கடைசியில் கையிலிருக்கும் பணத்தை எண்ணுகிறார். ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எடுக்கலாம், இல்லையென்றால் புத்தகம் வாங்கலாம். இரண்டுக்கும் பணம் போதாது. புதிதாகச் சிறுகதை எழுத வருகிறவர்கள் அடிக்கடி தொடுகிற கரு இது. பெரும்பாலும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். "கையில் கொஞ்சப் பணமே இருந்தது" என்று தொடங்கி, அம்மாவின் முகம் நினைவுக்கு வந்து, கண்ணீரில் முடித்துவிடுகிறார்கள். எவ்வளவு இருந்தது, டிக்கெட் எவ்வளவு, புத்தகம் எவ்வளவு என்று கதையில் எங்கும் இருப்பதில்லை. கணக்கு இல்லாததால் வாசகருக்கு அந்த மாணவரோடு சேர்ந்து தவிக்க வழியில்லை.

இந்தக் கதையில் கணக்குதான் கதை. ஆகவே முதல் வாக்கியத்துக்கு முன்னால் ஒரு கணக்குத் தாள் எழுத வேண்டும். ஒரே ஒரு கதையை எடுத்துக்கொண்டு, தாளிலிருந்து கடைசி வரி வரை எப்படிக் கட்டுவது என்று பார்ப்போம்.

முதலில் தேதி

"மாதக் கடைசி" என்பது தேதி ஆகாது. எந்த மாதம், என்ன கிழமை, அடுத்த பணம் எந்தத் தேதியில் வரும் என்ற மூன்றையும் முடிவு செய்யுங்கள். நம் கதைக்கு 2025 பிப்ரவரி 27, வியாழக்கிழமை மாலை. பிப்ரவரிக்கு 28 நாள்தான். ஆனால் வீட்டிலிருந்து பணம் வருவது மார்ச் 5, புதன்கிழமை. மாதம் சீக்கிரம் முடிந்தாலும் பணம் சீக்கிரம் வரப்போவதில்லை. 27 மாலை முதல் 5 வரை உள்ள அந்த ஆறு நாள்தான் கதையின் களம்.

கிழமை ஏன் முக்கியம் என்றால், பயணம் அதை வைத்துத்தான் அமைகிறது. நம் மாணவிக்கு முத்துமாரி என்று பெயர் வைப்போம். ஊர் கோவில்பட்டி, படிப்பது சென்னையில் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு. அம்மா தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. அம்மாவுக்கு ஞாயிறுதான் விடுமுறை. அப்படியானால் வெள்ளி இரவு எழும்பூரில் ஏறி, சனி காலை இறங்கி, ஞாயிறு இரவு திரும்ப ஏறி, திங்கள் காலை வகுப்புக்கு வந்துவிட வேண்டும். வேறு எந்த நாளும் உதவாது. முடிவெடுக்க அவளுக்கு இருப்பது வியாழன் மாலையும் வெள்ளிப் பகலும் மட்டுமே. கதைக்கு வேறு பரபரப்பைத் தேடிப் போக வேண்டியதில்லை.

கணக்குத் தாள்

ஒரு தாளை எடுத்து, கதாபாத்திரத்தின் கையெழுத்தில் எழுதுவது போலவே எழுதுங்கள். இது கதையில் அப்படியே வரப்போவதில்லை. நீங்கள் பொய் சொல்லாமலிருக்க இது.

கையில் நோட்டு: 100 ஒன்று, 50 இரண்டு, 20 மூன்று, 10 நான்கு. மொத்தம் 300.
சில்லறை: பத்து ரூபாய் நாணயம் இரண்டு, ஐந்து ரூபாய் ஐந்து, இரண்டு ரூபாய் மூன்று, ஒரு ரூபாய் நான்கு. மொத்தம் 55.
வங்கிக் கணக்கில்: 82.
ஆக 437 ரூபாய்.

இதில் தொடக் கூடாத பணம் ஒன்று உண்டு. ரெக்கார்டு நோட்டு பைண்டிங் 40, நாப்கின் 45. இந்த 85-ஐக் கழித்தால் மிஞ்சுவது 352. புதியவர்கள் இந்தக் கழித்தலைத்தான் மறக்கிறார்கள். சாப்பாடு மெஸ்ஸில் கிடைத்துவிடும், மெஸ் பில் தனியாகக் கட்டப்படும் என்று வைத்துக்கொண்டாலும், இப்படிப்பட்ட சில்லறைச் செலவுகள் இல்லாத விடுதி வாழ்க்கை கிடையாது. கதையில் மனிதர் இருக்கிறார் என்று வாசகருக்குப் புரிவதும் இந்த இரண்டு சிறு தொகைகளால்தான்.

இனி செலவுப் பக்கம். சென்னையிலிருந்து கோவில்பட்டிக்கு முன்பதிவில்லாத டிக்கெட் 210 என்று கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். நீங்கள் எழுதும்போது, கதை நடக்கும் தேதிக்கான கட்டணத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். 2025-இல் மட்டும் ஜூலையில் ஒரு முறை, டிசம்பரில் ஒரு முறை கட்டணம் ஏறியிருக்கிறது. பழைய தேதியில் புதிய கட்டணத்தைப் போட்டால், அந்தத் தடத்தில் அடிக்கடி போய்வரும் வாசகர் கண்டுபிடித்துவிடுவார். திருவல்லிக்கேணி பாரதி சாலையின் பழைய புத்தகக் கடையில் அவளுக்கு வேண்டிய இரண்டு புத்தகங்களுக்கும் பேரம் பேசி முடித்த விலை 180-உம் 160-உம், ஆக 340.

352-இல் 340 போனால் 12 மிஞ்சும். புத்தகம் மயிரிழையில் முடிந்துவிடுகிறது. டிக்கெட்? 352-இல் 210 போனால் 142. பார்த்தால் தாராளமாகத் தெரிகிறது. இங்கேதான் கதையின் முடிச்சு இருக்கிறது.

திரும்பி வரும் டிக்கெட்

இந்தக் கருவில் எழுதப்படும் கதைகள் பலவற்றில் ஊருக்குப் போகும் டிக்கெட் மட்டுமே இருக்கும், திரும்பி வருவதற்கானது இருக்காது. எழுதுகிறவர் மறந்துவிடுகிறார். போனால் வர வேண்டும். 210-உம் 210-உம் 420. கையில் 352. குறைவது 68 ரூபாய்.

இந்த 68-ஐ யார் தருவார்? அம்மா தருவார். கேட்காமலே தருவார், 68-ஆகத் தராமல் இருநூறாகவோ ஐந்நூறாகவோ தருவார். சனிக்கிழமை வாங்கிய வாரக் கூலியிலிருந்து எடுத்துத் தருவார். அப்படியானால் முத்துமாரி தேர்ந்தெடுப்பது டிக்கெட்டா புத்தகமா என்பதை அல்ல. புத்தகத்துக்கு அவள் தன் பணத்தைக் கொடுக்கிறாள், ஊருக்குப் போனால் அம்மாவின் பணத்தையும் சேர்த்துக் கொடுக்கிறாள். அம்மாவைப் பார்க்கப் போவதற்கு அம்மாவே பணம் கட்ட வேண்டியிருக்கிறது. கதை இங்கேதான் உயிர்பெறுகிறது. இதை நீங்கள் கதைக்குள் விளக்கிச் சொல்லவே கூடாது. வாசகரே கழித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கும்படி எண்களை வைத்துவிட்டு நகர வேண்டும்.

குறைவது எவ்வளவு என்று தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். 68-க்குப் பதிலாக 600 குறைந்தால் வாசகருக்குக் கேள்வியே எழாது, போக முடியாது அவ்வளவுதான். 10 குறைந்தால் அறைத்தோழி தந்துவிடுவாள். ஒரு நாளைக்குக் கடன் கேட்க முடிகிற, ஆனால் கேட்கக் கூச்சப்படுகிற தொகையாக இருக்க வேண்டும். இந்தக் காலத்துக் கல்லூரி விடுதியில் அது ஏறத்தாழ 50-க்கும் 100-க்கும் இடையில் இருக்கும்.

வாசகர் தட்டும் கதவுகள்

தமிழ்நாட்டில் விடுதியில் படித்தவர் யார் இந்தக் கதையைப் படித்தாலும், நாலைந்து கேள்விகள் உடனே கேட்பார். ஒவ்வொன்றுக்கும் கதைக்குள் பதில் இருக்க வேண்டும். பதில் ஒரு வாக்கியத்துக்கு மேல் போகவும் கூடாது.

முதல் கேள்வி: அரசு தரும் ஆயிரம் ரூபாய் என்ன ஆயிற்று? அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழுகிறது. முத்துமாரி அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் இது இல்லாமல் கதை எழுத முடியாது. நம் கதையில் அவள் முதுகலைக்காகப் பொதுப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். பிப்ரவரித் தொடக்கத்தில் கட்டிய அந்த விண்ணப்பக் கட்டணம் ஆயிரத்தையும் தின்று, மேலும் கொஞ்சத்தையும் தின்றுவிட்டது. ஒரு வரி போதும். இதே வரி புத்தகம் ஏன் இப்போதே வேண்டும் என்பதற்கும் காரணமாகிவிடுகிறது. அந்த ஆண்டு தேர்வு மார்ச் 13-ஆம் தேதி தொடங்கியது. மார்ச் 5-இல் பணம் வந்து வாங்கினால் படிக்க ஒரு வாரம்தான் இருக்கும்.

இரண்டாவது கேள்வி: மாணவர் சலுகை இல்லையா? உண்டு. சொந்த ஊருக்குப் போகும் மாணவர்களுக்கு ரயில்வே இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் பாதிக் கட்டணச் சலுகை தருகிறது. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் என்றால் முக்கால் பங்கு. அதற்கான படிவத்தில் கல்லூரி முதல்வரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும், கவுன்ட்டரில் நேரில் கொடுத்துத்தான் வாங்க முடியும். வியாழன் மாலை ஆறு மணிக்கு எண்ணத் தொடங்குகிற பெண்ணுக்கு அலுவலகம் மூடியிருக்கும். சலுகை கிடைத்தால் போய்வர ஏறத்தாழ பாதிப் பணம்தான் ஆகும், நம் கதை உடைந்துவிடும். ஆகவே இந்தக் கதவை மூட மறக்காதீர்கள். "படிவம் நாளைக்குப் பதினோரு மணிக்குத்தான் தருவார்கள், பதினோரு மணிக்கு இன்டர்னல் டெஸ்ட்" என்று அறைத்தோழியிடம் அவள் சொன்னால் போதும்.

மூன்றாவது, கடன். அறைத்தோழிக்கு ஏற்கெனவே 150 தர வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். தோழி அதைக் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதுதான் வாயை அடைக்கிறது.

நான்காவது, நூலகம். துறை நூலகத்தில் ஒரே பிரதி, வெளியே தர மாட்டார்கள். எழும்பூரில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது, ஆனால் விடுதிக்கு ஆறரைக்குள் திரும்ப வேண்டும். பழைய வினாத்தாள்களை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். அவளிடமும் இருக்கிறது, விடைக்கான வழிமுறைதான் இல்லை. இவற்றில் ஏதாவது ஒன்றைச் சொன்னால் போதும். எல்லாவற்றையும் அடுக்கினால் கதை வக்கீல் மனு போல ஆகிவிடும்.

கேள்வியே எழாத ஒரு கதவும் உண்டு. கதாபாத்திரம் பெண் என்பதால் மாநகரச் சாதாரணப் பேருந்தில் கட்டணம் கிடையாது. திருவல்லிக்கேணிக்கும் எழும்பூருக்கும் அவள் செலவில்லாமல் போய்வருவாள். மாணவன் என்று மாற்றினால் அந்தப் பேருந்துக் காசையும் கணக்கில் சேர்க்க வேண்டும், மிச்சமிருக்கும் 12 ரூபாய் அதிலேயே போய்விடும். 2021 மே மாதத்துக்கு முந்தைய கதை என்றால் பெண்ணுக்கும் சேர்க்க வேண்டும்.

இரண்டு தட்டும் சமமாக

ஊருக்குப் போக என்ன காரணம் வைப்பது? தீபாவளி, அம்மாவுக்கு நெஞ்சுவலி, பாட்டி மரணப்படுக்கை என்று வைத்தால் தராசு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். புத்தகம் வாங்கினால் அவள் கல்நெஞ்சக்காரி ஆகிவிடுவாள். காரணம் சிறியதாக இருக்கட்டும், ஆனால் ஏற்கெனவே ஒரு குற்றவுணர்வு அதில் ஒட்டியிருக்கட்டும்.

2025-இல் மகா சிவராத்திரி பிப்ரவரி 26, புதன்கிழமை வந்தது. தென் மாவட்டங்களில் மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோவிலுக்குக் குடும்பத்தோடு போவது வழக்கம். முத்துமாரியால் போக முடியவில்லை. மறுநாள் அம்மா பேசுகிறார்:

"சாமி கும்புடத்தான் வரல. ஞாயித்துக்கெழமயாச்சும் ஒரு எட்டு வந்துட்டுப் போ தாயி. துன்னூறு எடுத்து வச்சிருக்கேன்."

அவ்வளவுதான். அம்மா அழவில்லை, வற்புறுத்தவில்லை. மறுக்க முடியாத அளவுக்குப் பெரிதல்ல, மறந்துவிடும் அளவுக்குச் சிறிதுமல்ல. இந்தப் பேச்சில் இன்னொரு வேலையும் நடக்கிறது. "எங்கள் ஊர் கரிசல் பூமி, அம்மா கோவில்பட்டிக்காரர்" என்று நீங்கள் எங்கும் சொல்ல வேண்டியதில்லை. 'தாயி'யும் 'துன்னூறு'ம் சொல்லிவிடுகின்றன. உங்கள் கதாபாத்திரம் வேறு ஊர் என்றால் அந்த ஊர் அம்மா மகளை எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே எழுதுங்கள். தெரியாத வட்டாரப் பேச்சைக் கேள்வி ஞானத்தில் எழுதுவதைவிட, தெரிந்த ஊருக்குக் கதையையே மாற்றிவிடுவது நல்லது.

புத்தகத் தட்டிலும் இதே அளவு எடை வேண்டும். "அவளுக்குப் படிப்பென்றால் உயிர்" என்பது எடை ஆகாது. கடையில் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறாள், மூன்று நாளாகத் தடுக்கிய ஒரு கணக்கு, பக்கத்தின் பாதியில் இரண்டே வரியில் தீர்ந்திருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் பென்சிலில் ஓரத்தில் டிக் போட்டிருக்கிறார். இது எடை. வாசகருக்கும் அந்தப் புத்தகத்தின் மேல் ஆசை வந்துவிடும்.

எண்ணும் காட்சி

கதையில் மெதுவாகப் போக வேண்டிய ஒரே இடம் இது. மற்றவற்றைச் சுருக்கி, இங்கே ஒரு பக்கம் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மொத்தத் தொகையை முதலிலேயே சொல்லிவிட்டால் எண்ணுவதில் என்ன சுவை? வாசகரும் சேர்ந்து கூட்டும்படி, கைக்கு வருகிற வரிசையில் எழுதுங்கள்.

வழக்கமாக இப்படி எழுதுவார்கள்: "முத்துமாரி பர்ஸைத் திறந்தாள். மொத்தம் 355 ரூபாய் இருந்தது. அவள் மனம் கலங்கியது." இதையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்:

*கட்டில் விரிப்பைக் கையால் நீவிவிட்டு நூறு ரூபாய் நோட்டை முதலில் வைத்தாள். அதன் மேல் ஐம்பது இரண்டு. இருபதுகளைப் பிரிக்கும்போது இரண்டுதான் என்று நினைத்தாள், ஒட்டிக்கொண்டிருந்த மூன்றாவது பிரிந்து வந்தது. திரும்ப ஒருமுறை எல்லா நோட்டையும் விரலில் தேய்த்துப் பார்த்தாள். வேறெதுவும் பிரியவில்லை. சில்லறையைப் பவுடர் டப்பா மூடியில் கொட்டினாள். பத்து ரூபாய் நாணயம் இரண்டையும் தனியே ஒதுக்கினாள். மெஸ் வாசல் கடையில் அதை வாங்க மாட்டார்கள்.*

மூன்றாவது இருபது ரூபாய் நோட்டு ஒட்டியிருந்து பிரிவதில் ஒரு நொடிச் சந்தோஷம் இருக்கிறது. திரும்ப எல்லாவற்றையும் தேய்த்துப் பார்ப்பதில் அவளுடைய நிலை முழுக்கத் தெரிகிறது. "மனம் கலங்கியது" என்ற வரிக்கு இனி வேலையில்லை. பத்து ரூபாய் நாணயத்தை ஒதுக்கி வைப்பதும் அப்படித்தான். அது செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை சொன்ன பிறகும் வாங்க மறுக்கும் கடைகள் இருக்கின்றன. அவள் கணக்கில் 20 ரூபாய் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று பார்க்க வேண்டிய பணமாக இருக்கிறது. ரயில் கவுன்ட்டரில் செல்லும், நடைபாதைக் கடையில் சந்தேகம். பிறகு புத்தகக் கடைக்காரர் அந்த நாணயத்தைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கும்போது இந்தச் சிறு விவரம் பெரிய வேலை செய்யும்.

வங்கியில் கிடக்கும் 82-ஐயும் அப்படியே பாருங்கள். ஏ.டி.எம்.மில் அதை எடுக்க முடியாது. போனில் ஸ்கேன் செய்துதான் செலவழிக்க முடியும். இன்றைய கதையில் எல்லாப் பணத்தையும் நோட்டாகவே எண்ணினால் பழைய காலத்துக் கதையின் வாடை வரும், எல்லாமே போனில் இருந்தால் எண்ணுவதற்கே ஒன்றுமில்லை. பாதி கையில், பாதி போனில் என்று சிதறிக் கிடப்பதுதான் உண்மை நிலவரம்.

டிக்கெட்டின் விதிகள்

அவள் கவுன்ட்டரில் நிற்கும் காட்சி வருமென்றால், ரயில்வே எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கதையில் பாதியைக்கூடச் சொல்ல மாட்டீர்கள். ஆனால் தப்பு நேராது.

200 கிலோமீட்டருக்கு மேல் போகும் முன்பதிவில்லா டிக்கெட்டைக் கவுன்ட்டரில் மூன்று நாள் முன்பே வாங்கலாம். ஆகவே வியாழக்கிழமையே வெள்ளிக்கு எடுத்துவைத்துக்கொள்ள முடியும். இரவில் கோவில்பட்டி போகும் நெல்லை எக்ஸ்பிரஸும் முத்துநகர் எக்ஸ்பிரஸும் அதிவிரைவு வண்டிகள், இரண்டாம் வகுப்பில் அவற்றுக்கு 15 ரூபாய் கூடுதல். நம் 210-இல் அது அடக்கம். சாதாரண எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை வைத்துக்கொண்டு இவற்றில் ஏறினால் பரிசோதகர் அபராதம் கேட்பார். "எந்த வண்டி?" என்று கவுன்ட்டரில் கேட்பது இதற்காகத்தான். 15 ரூபாயை மிச்சம் பிடிக்கக் காலையில் புறப்படும் குருவாயூர் வண்டியில் போகலாமே என்று வாசகர் நினைக்கலாம். வெள்ளிக்கிழமை இன்டர்னல் இருப்பதால் அது ஏற்கெனவே அடைபட்டுவிட்டது. ஒரு காரணம் இரண்டு கதவை மூடினால் கதைக்கு நல்லது.

போனில் எடுக்கும் காகிதமில்லா முன்பதிவில்லா டிக்கெட்டை ரத்து செய்ய முடியாது. கதாசிரியருக்கு இது பெரிய வசதி. பொத்தானை அழுத்திய பிறகு மனம் மாற வழியில்லை. ஆனால் நம் முத்துமாரிக்குப் போனில் 82 ரூபாய்தான் இருக்கிறது. அவள் வரிசையில் நின்றே ஆக வேண்டும், நோட்டைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளியே ஆக வேண்டும். காட்சி என்று பார்த்தால் இது இன்னும் நல்லது.

திரும்பும் பயணத்தையும் ஒரு வரி தொடுங்கள். ஞாயிறு இரவு வண்டிகள் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் நிரம்பித்தான் கோவில்பட்டிக்கு வரும். இரவு முழுக்க நின்றுகொண்டு வந்து திங்கள் காலை வகுப்பு. அவளுக்கு அது தெரியும், தெரிந்தும் போக நினைக்கிறாள் என்பது ஊர்த் தட்டுக்கு இன்னும் கொஞ்சம் எடை சேர்க்கும்.

மூன்றாவது வழி

கணக்குத் தாளைத் திரும்பப் பாருங்கள். கூர்மையான வாசகர் ஒருவர் நீங்கள் சொல்லாத ஒன்றைப் போட்டுப் பார்ப்பார். ஒரே ஒரு புத்தகம் வாங்கினால்? 352-இல் 180 போக 172. டிக்கெட்டுக்கு 38 குறைகிறது. சரி, அந்தத் தொடக் கூடாத 85-ஐத் தொட்டால்? 437-இல் 180-உம் 210-உம் போக 47 மிஞ்சும். ஒரு புத்தகமும் வாங்கலாம், ஊருக்கும் போகலாம்! ரெக்கார்டு நோட்டை ஒரு வாரம் தள்ளலாம். திரும்பி வரும் டிக்கெட் பெரும்பாலும் அம்மா தலையில்.

இந்த வழியை வாசகர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் முத்துமாரி கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் கட்டிலில் உட்கார்ந்து அல்ல. பாரதி சாலையில் கடைக்காரர் முன்னால், 180 ரூபாய் புத்தகம் கையில் இருக்கும்போது கண்டுபிடிக்க வேண்டும். கதையின் உச்சம் அந்த நொடிதான். அதுவரை "இதுவா அதுவா" என்று இருந்தது, இப்போது "இரண்டும் கிடைக்கும், ஆனால் யார் காசில்?" என்று மாறிவிடுகிறது. அம்மா வீட்டில் வைத்து, "இது என்ன புஸ்தகம், எம்புட்டு?" என்று கேட்டால் என்ன சொல்வாள் என்பது அவளுக்கே முதலில் தோன்ற வேண்டும்.

இதற்கு ஏற்றபடி காட்சிகளை அடுக்கினால் நாலு போதும். வியாழன் மாலை எண்ணுவது, அம்மாவின் போன் பேச்சு, வெள்ளி மதியம் புத்தகக் கடை, வெள்ளி மாலை எழும்பூர். போன் பேச்சு எண்ணுவதற்கு முன்னால் வரக் கூடாது. முன்னால் வந்தால் அவள் டிக்கெட்டுக்காகவே எண்ணுகிறாள் என்றாகிவிடும். புத்தகத்துக்காக எண்ணி முடித்து, 12 ரூபாய் மிச்சம் என்று நிம்மதியாகச் சாய்ந்தபோது போன் ஒலித்தால்தான் கணக்கு கலையும்.

எண்களை எத்தனை இடத்தில் சொல்வது? முழுக் கதையிலும் வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டியவை 352, 340, 210 என்ற மூன்றும்தான். மற்ற எண்கள் வந்து போகலாம். 68-ஐச் சொல்லவே வேண்டாம் என்பது எங்கள் பரிந்துரை. அவள் மனதில் கழிக்கத் தொடங்கி நிறுத்திக்கொள்ளட்டும், மீதியை வாசகர் கழிப்பார்.

எங்கே நிறுத்துவது

கடைசி நேரத்தில் பணம் வந்து சேரும் முடிவைத் தொடாதீர்கள். அண்ணன் திடீரென்று அனுப்புவது, பேராசிரியர் புத்தகத்தைப் பரிசளிப்பது, கடைக்காரர் மனமிரங்கிச் சும்மா தருவது எல்லாமே நீங்கள் இவ்வளவு பாடுபட்டு மூடிய கதவுகளை நீங்களே உடைப்பதாகும்.

மிச்சமிருப்பவை மூன்று முடிவுகள். இரண்டு புத்தகத்தையும் வாங்கிவிட்டு, "ஞாயித்துக்கெழம ஸ்பெஷல் கிளாஸ் இருக்கும்மா" என்று போனில் சொல்கிறாள். எழுத எளிது, பலரும் எழுதியது. புத்தகத்தை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறாள். இதில் அம்மா 500 ரூபாய் நோட்டை நீட்டும் காட்சிவரை போக வேண்டும் என்ற ஆசை வரும், போனால் கதை இரண்டாகப் பிளந்துவிடும். மூன்றாவது, அந்த ஒரு புத்தகத்தோடு எழும்பூர் வரிசையில் நிற்கிறாள். எங்கள் வாக்கு இதற்கே. முடிவு தெரிந்துவிட்டது, ஆனால் எது சரி என்று வாசகரால் சொல்ல முடியாது.

அந்தக் காட்சியிலும் அவள் நினைப்பதை எழுத வேண்டாம். புத்தகத்தைப் பைக்குள் எங்கே வைக்கிறாள் என்று எழுதுங்கள். மேலே வைத்திருந்ததை எடுத்து, துணிக்குக் கீழே, பையின் அடியில் தள்ளுகிறாள். பையைத் திறந்தவுடன் அம்மா கண்ணில் படாத இடத்தில். பிறகு ஜன்னலுக்கு முன்னால் போய், பத்து ரூபாய் நாணயம் இரண்டையும் முதலில் வைக்கிறாள். கதை அங்கே நிற்கலாம்.

எழுதி முடித்த பிறகு

ஒரு நாள் விட்டு எடுத்துப் பாருங்கள். பென்சிலை வைத்துக்கொண்டு கதையில் வரும் ஒவ்வொரு வரவையும் செலவையும் ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். நடுவில் ஒரு டீ குடித்திருப்பாள், நீங்கள் கழித்திருக்க மாட்டீர்கள். தோழியோடு ஷேர் ஆட்டோவில் வந்திருப்பாள். அந்த 10, 20 ரூபாயில் முழுக் கணக்கும் சாய்ந்துவிடும், ஏனென்றால் உங்கள் மிச்சமே 12 ரூபாய்தான். கணக்கு உதைத்தால் டீயை எடுத்துவிடுங்கள், அல்லது யாரோ வாங்கித் தந்ததாக மாற்றுங்கள். யார் வாங்கித் தந்தார் என்பது அடுத்த கேள்வியாக வரும், ஆகவே எடுத்துவிடுவதே மேல்.

அடுத்து 'ஏழை', 'வறுமை', 'பாவம்', 'தவிப்பு', 'கண்ணீர்' என்ற சொற்களைத் தேடி ஒவ்வொன்றாக நீக்கிப் படியுங்கள். நீக்கியும் வாக்கியம் நின்றால் அது அங்கே தேவைப்படவில்லை. நீக்கியதும் அந்தப் பத்தி வெறுமையாகிவிட்டால், அங்கே ஒரு பொருளோ தொகையோ இருந்திருக்க வேண்டும். சொல்லைத் திரும்ப வைக்காமல் அந்தப் பொருளைத் தேடுங்கள்.

கடைசியாக, இப்போது விடுதியில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். "இவள் இடத்தில் நீ இருந்தால் அந்தப் பணத்துக்கு வேறு என்ன வழி பார்த்திருப்பாய்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் வழி உங்கள் கதையில் அடைபடாமல் திறந்து கிடந்தால், கணக்குத் தாளை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.